இரண்டு முதலீடு, மூன்று சூத்திரம்: நான் ஏன் MMULT பக்கம் போனேன்

வீட்டுச் சேமிப்பை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டிலும் தங்க இடிஎஃப்பிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து சராசரியாக எவ்வளவு தரும், எவ்வளவு ஆடும் என்பதை எக்செல்லில் ஒரு சின்னத் தாளில் கணக்கிட்டு வருகிறேன். அந்தத் தாளை மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன். முதலில் பாடப்புத்தகச் சூத்திரத்தை அப்படியே நீட்டி எழுதினேன், அப்புறம் SUMPRODUCT, கடைசியில் MMULT என்ற அணிப் பெருக்கல். இப்போது இருப்பது கடைசி வழி, அதில்தான் நிலைத்திருக்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அலசல்.

முதலில் எண்கள். இவை நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள், சந்தை தரும் வாக்குறுதி அல்ல. பங்கு ஃபண்டில் 60%, தங்கத்தில் 40%. எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம் பங்குக்கு 12%, தங்கத்துக்கு 8%. திட்ட விலக்கம், அதாவது வருமானம் சராசரியிலிருந்து விலகி ஆடும் அளவு, முறையே 18%, 15%. இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.1, ஏறக்குறைய தொடர்பில்லை என்று சொல்லலாம். தாளில் B2:B3 எடைகள், C2:C3 வருமானம், D2:D3 திட்ட விலக்கம், D5 ஒட்டுறவு.

வருமானத்தைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. எடையை வருமானத்தால் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)
```

7.2 + 3.2, ஆக 10.4%. மூன்று வழியிலும் இதே விடைதான் வரும். இதற்கு SUMPRODUCT-ஐ விட எளிதான வழியைத் தேட வேண்டியதில்லை.

சிக்கல் ரிஸ்க்கில்தான் தொடங்குகிறது. வருமானத்துக்குச் செய்ததையே இங்கும் செய்து, SUMPRODUCT-இல் C-க்குப் பதில் D-ஐப் போட்டால் 16.8% வரும். இரண்டும் எப்போதும் ஒரே திசையில் ஒரே கதியில் ஆடினால், அதாவது ஒட்டுறவு 1 ஆக இருந்தால் மட்டுமே அது சரி. பிரித்து வைப்பதால் கிடைக்கும் பலன் முழுவதையும் அந்த எண் விழுங்கிவிடுகிறது. சரியான விடைக்கு இரண்டின் மாறுபாடுகளோடு உடன்மாறுபாட்டையும் சேர்த்தாக வேண்டும். மாறுபாடு என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம், உடன்மாறுபாடு என்பது இரண்டு திட்ட விலக்கங்களையும் ஒட்டுறவையும் பெருக்கினால் வருவது. 1952-இல் பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் போட்டுக் கொடுத்த கணக்கு அதுதான். நீட்டி எழுதினால் இப்படி:

```
=SQRT(B2^2*D2^2+B3^2*D3^2+2*B2*B3*D2*D3*D5)
```

உள்ளே மூன்று உறுப்புகள்: 0.011664, 0.0036, 0.001296. கூட்டினால் 0.01656. அதன் வர்க்கமூலம் 12.87%. இரண்டு முதலீட்டுக்கு இந்த வழியில் ஒரு குறையும் இல்லை. எந்த உறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. இந்தக் கணக்கை முதன்முறை படிக்கிறவர் ஒரு தடவையாவது இப்படி எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன்.

இரண்டாவது வழிக்கு உடன்மாறுபாட்டு அணி ஒன்று வேண்டும். F2:G3-இல் நான்கு கட்டங்கள்: மூலைவிட்டத்தில் 0.0324, 0.0225, மற்ற இரண்டிலும் 0.0027. அணிக்கு மேலே F1:G1-இல் எடைகளைக் கிடையாக இன்னொரு முறை வைத்தால் போதும்:

```
=SQRT(SUMPRODUCT(B2:B3*F1:G1*F2:G3))
```

நட்சத்திரக் குறி முக்கியம். காற்புள்ளி போட்டால் வரம்புகளின் அளவு பொருந்தாமல் #VALUE! வரும். நட்சத்திரம் போட்டால் நெடுவரிசை எடையும் கிடைவரிசை எடையும் பெருகி நான்கு கட்டமாக விரிந்து, ஒவ்வொன்றும் தன் உடன்மாறுபாட்டோடு பெருகிக் கூடுகிறது. சூத்திரத்தில் இருந்த அந்த 2 எங்கே போனது என்று தேட வேண்டாம். 0.0027 அணியில் இரண்டு இடத்தில் இருப்பதால் தானாகவே இரட்டிப்பாகிவிடுகிறது.

மூன்றாவது வழி, அணிப் பெருக்கல். புத்தகத்தில் இருப்பதுபோல எழுதினால்:

```
=SQRT(MMULT(MMULT(TRANSPOSE(B2:B3),F2:G3),B2:B3))
```

மைக்ரோசாஃப்ட் 365-இல் Enter தட்டினால் போதும். பழைய எக்செல்லில் Ctrl+Shift+Enter அழுத்தாவிட்டால் பிழைதான் வரும். வேறொருவர் அந்தக் கட்டத்தைத் திறந்து வெறும் Enter தட்டினாலே கெட்டுப்போகும். அதனால் நான் வைத்திருப்பது இதன் எளிய வடிவம்:

```
=SQRT(SUMPRODUCT(B2:B3,MMULT(F2:G3,B2:B3)))
```

TRANSPOSE இல்லை, பழைய பதிப்பிலும் வெறும் Enter போதும், எடையைக் கிடையாக இன்னொரு முறை எழுதவும் வேண்டாம். விடை அதே 12.87%.

மூன்றும் ஒரே விடை தருகிறதென்றால் எதைத் தேர்ந்தால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காலியான கட்டம் ஒன்றுதான் என் எண்ணத்தை மாற்றியது.

உடன்மாறுபாட்டை நான் அனுமானிக்காமல் மாத வருமானங்களிலிருந்து எடுக்கப் பார்த்தபோது, எக்செல்லின் `Data Analysis` கருவியில் உள்ள Covariance-ஐப் பயன்படுத்தினேன். அது அணியின் கீழ்ப் பாதியை மட்டுமே எழுதும், மேல் பாதியைக் காலியாக விட்டுவிடும். இரண்டும் சமம்தானே, ஒரு தடவை எழுதினால் போதாதா என்பது அதன் நியாயம். ஆனால் நட்சத்திரக் குறியோடு எழுதிய SUMPRODUCT காலிக் கட்டத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொள்கிறது. உடன்மாறுபாடு ஒரு முறைதான் கூடும், அதாவது சூத்திரத்தில் 2-ஐ மறந்ததற்குச் சமம். மேலே உள்ள எண்களிலேயே ஒரு 0.0027-ஐ அழித்துப் பாருங்கள்: 0.015912, வர்க்கமூலம் 12.61%. சரியான விடை 12.87%. இந்த வித்தியாசத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கு வரவில்லை. பல வாரம் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே காலிக் கட்டத்தை MMULT பார்த்தால் உடனே #VALUE! என்று நின்றுவிடும். அதன் வரம்புக்குள் காலியோ எழுத்தோ இருந்தால் அது கணக்குப் போடாது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மேல் பாதியை நிரப்பிய பிறகுதான் அது விடை தந்தது, அந்த விடை பழைய எண்ணிலிருந்து மாறியிருந்ததைப் பார்த்துத்தான் தவறையே கண்டுபிடித்தேன்.

அந்தக் கருவியில் இன்னொன்றும் உண்டு. அது தருவது முழுத்தொகுதி உடன்மாறுபாடு, அதாவது COVARIANCE.P. திட்ட விலக்கத்தை மாதிரிக்கான STDEV.S-இல் எடுத்து இதோடு கலந்தால் இரண்டும் சற்றே பொருந்தாமல் நிற்கும். 60 மாதத் தரவுக்கு மாறுபாட்டில் 1.7% வித்தியாசம், பெரிதில்லை. ஆனாலும் எல்லாக் கட்டத்துக்கும் COVARIANCE.S-ஐயே நேரடியாக எழுதி, மாதத் தரவென்றால் 12-ஆல் பெருக்கிவிடுவது நிம்மதி.

இந்த வேறுபாடு உண்மையில் கடிப்பது மூன்றாவது முதலீடு வரும்போது. ஒரு ஸ்மால்கேப் ஃபண்டைச் சேர்க்கிறோம் என்று வைப்போம்: பங்கு 50%, தங்கம் 30%, ஸ்மால்கேப் 20%. புதியதன் திட்ட விலக்கம் 25%, பங்கு ஃபண்டோடு ஒட்டுறவு 0.85, தங்கத்தோடு 0.1. தாளில் இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசையும், F, G நெடுவரிசைகளுக்கு நடுவே ஒரு நெடுவரிசையும் செருகினால் வரம்புகள் தாமாகவே விரியும். எடைகளை நிரப்பியாயிற்று, அணியின் புதிய கட்டங்களை இன்னும் நிரப்பவில்லை. இந்த நிலையில் நட்சத்திர SUMPRODUCT 10.46% காட்டும். நீட்டி எழுதிய சூத்திரமும் அதே 10.46%தான், ஏனென்றால் அதற்கு மூன்றாவது ஒன்று வந்ததே தெரியாது. பார்க்கிறவருக்கு, "பரவாயில்லையே, இன்னொன்றைச் சேர்த்ததும் ரிஸ்க் 12.87-இலிருந்து 10.46-க்குக் குறைந்துவிட்டதே" என்று தோன்றும். பிரித்து வைத்தால் ரிஸ்க் குறையும் என்று படித்தவருக்கு அது நம்பத் தகுந்த விடையும்கூட. கட்டங்கள் எல்லாம் நிரம்பிய பிறகு வரும் உண்மையான விடை 14.67%. ரிஸ்க் ஏறியிருக்கிறது. MMULT மட்டும்தான் கடைசிக் கட்டம் நிரம்பும் வரை வாய் திறக்காமல் இருந்திருக்கும்.

நீட்டி எழுதும் வழியில் வேலையும் பெருகும். இரண்டுக்கு மூன்று உறுப்புகள், மூன்றுக்கு ஆறு, ஐந்துக்குப் பதினைந்து. MMULT சூத்திரத்தின் நீளம் எத்தனை வந்தாலும் மாறாது.

MMULT எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் செருகாமல் புதிய வரிசையை அடியில் சேர்த்தால் வரம்பு விரியாது, அதுவும் சத்தமில்லாமல் 10.46% என்றே சொல்லும். அதனால் சூத்திரத்தில் உள்ள அதே வரம்பைப் போட்டு =SUM(B2:B3) என்று பக்கத்தில் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அது 80% என்று காட்டினால் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அணிக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் =D2*D3*D5 மாதிரி சூத்திரம் இருந்து, ஒட்டுறவுக் கட்டம் காலியாக இருந்தாலும் காவல் போய்விடும். அங்கே வருவது காலி இல்லை, சுழியம், அதை MMULT எண்ணாகவே ஏற்றுக்கொள்ளும். நான் ஐந்து முதலீடுகளுக்கு மேல் இதில் வைத்துப் பார்த்ததில்லை, ஐம்பது வைப்பவர்களுக்கு வேறு தலைவலிகள் இருக்கலாம்.

MMULT-க்கு ஆதரவாக இன்னொன்று, இது போனஸ். உள்ளே இருக்கும் MMULT(F2:G3,B2:B3) பகுதியைத் தனியாகப் போட்டால் 0.02052, 0.01062 என்று இரண்டு எண்கள் வரும். ஒவ்வொரு முதலீடும் மொத்தக் கலவையோடு எவ்வளவு சேர்ந்து ஆடுகிறது என்பதுதான் அவை. அவற்றை அதனதன் எடையால் பெருக்கி 0.01656-ஆல் வகுத்தால், ரிஸ்க்கில் பங்கு ஃபண்டின் பங்கு 74%, தங்கத்தின் பங்கு 26%. பணத்தில் 60:40 என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆட்டத்தில் ஏறக்குறைய 3:1. என் தாளில் ரிஸ்க் விடைக்குக் கீழே இப்போது இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றன. எடையை மாற்றும்போது நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.