வாட்ஸ்அப் குழுவா, பொது ஷீட்டா? ஷீட் என்றால் யார் பெயர் எழுதுவது?

மண்டபத்தில் கயிறு, வலைநூல், ஈயக்குண்டு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். பில் போட ஒரு அக்கா, கிடங்கில் ஒரு தம்பி, லோடு ஆட்டோவுக்கு இன்னொரு தம்பி. விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தைய சாயங்காலம் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அதை மூன்று பேருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் வாட்ஸ்அப் குழுவில்தான் ஓட்டினோம். ஆர்டர் வாங்க அதைவிட நல்லது கிடையாது. அறுந்த வலையைப் படம் பிடித்து அனுப்பினால் கண்ணியின் அளவு நமக்குப் புரிந்துவிடும். ஆனால் வேலை முடிந்ததா என்று பார்க்க அது உதவாது. நான் நான்கு வேலை போட்டிருப்பேன், கீழே ஒரே ஒரு "சரிண்ணே" இருக்கும். எந்த வேலைக்குச் சரி? அதனால் ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில், வேலை வரிசை கூகுள் ஷீட்டில் என்று பிரித்துவிட்டேன்.

ஷீட்டில் 'வேலை' என்று ஒரு தாள், அதில் ஆறே பத்திகள்: எண், வேலை, எந்தக் கரை, எடுத்தவர், நிலை, நேரம். கரையும் நிலையும் கீழிறங்கு பட்டியல்கள். இங்கே வடக்குக் கரை பாக் விரிகுடாப் பக்கம், தெற்குக் கரை மன்னார் வளைகுடாப் பக்கம். கரை மாறினால் ஒரு நடை வீண். அதைக் கையால் தட்டச்சு செய்ய விடக்கூடாது.

இனி இரண்டு வழிகள். 'எடுத்தவர்' பத்தியில் நானே பெயர் போட்டுக் கொடுக்கலாம். அல்லது கை ஓய்ந்தவர் மேலிருக்கும் வேலையில் தன் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அவசர நாளுக்கு இரண்டாவதுதான் சரி. நான் பெயர் போட்டால், வண்டித் தம்பி வடக்குக் கரையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவன் பெயரில் ஐந்து வேலை தேங்கும், கிடங்குத் தம்பி சும்மா நிற்பான். ஆனால் அந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. ஒருநாள் 14ஆம் எண் வேலை, வடக்குக் கரைப் படகுக்கு இரண்டு சுருள் கயிறும் பத்து கிலோ ஈயக்குண்டும். அதே நேரத்தில் இரண்டு தம்பிகளும் தங்கள் பெயரை எழுதினார்கள். ஷீட் கட்டத்தைப் பூட்டுவதில்லை. கடைசியாகப் போய்ச் சேர்ந்த பெயர் நிற்கும், முந்தையது சத்தமில்லாமல் அழியும். ஒரே படகுக்கு இரண்டு தடவை சரக்குப் போனது. கணினியில் அந்தக் கட்டத்தை வலது சொடுக்கி `Show edit history` பார்த்தபோதுதான் இரண்டு பெயரும் தெரிந்தன.

சிக்னல் இல்லாத இடத்தில் இது இன்னும் மோசம். ஆஃப்லைனில் எழுதிய பெயர் அவன் போனில் மட்டும் தெரியும், சிக்னல் வந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். அதனால் இப்போது ஒரே விதி: வேலையைக் கடை வைஃபைக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். பெயர் எழுதியதும் பத்து எண்ணி மறுபடி பார்க்க வேண்டும். தன் பெயர் நின்றால் சரக்கை எடுக்கலாம். கரையில் நிற்பவனுக்கு வேலை வேண்டுமென்றால் அக்காவுக்குப் போன் போடுவான், அக்கா எழுதுவார்.

அடுத்த தொல்லை வரிசைப்படுத்துவது. ஒருவர் நிலைவாரியாக அடுக்கினால் எல்லார் திரையிலும் வரிகள் இடம் மாறும், எழுதிக்கொண்டிருப்பவர் வேறு வரியில் எழுதிவிடுவார். அதற்காக 'நிலுவை' என்று இன்னொரு தாள் வைத்து, அதன் A2 கட்டத்தில் இதைப் போட்டேன்:

```
=FILTER('வேலை'!A2:F, 'வேலை'!A2:A<>"", 'வேலை'!E2:E<>"முடிந்தது")
```

முடியாத வேலைகள் மட்டும் அதில் தெரியும். பார்க்க மட்டும்தான் அது. அங்கே யாராவது எழுதினால் பட்டியல் முழுக்கப் போய் `#REF!` என்று நிற்கும், எழுதியதை அழித்தால் திரும்பும். அந்தத் தாளில் என்னைத் தவிர யாரும் எழுத முடியாதபடி பாதுகாத்துவிட்டேன். எண்ணைப் பார்த்துக்கொண்டு, 'வேலை' தாளில் போய் எழுதுகிறார்கள்.

நேரம் பத்தியில் `=NOW()` போட்டுத் தொலைத்தேன். யார் எதை மாற்றினாலும் எல்லா வரியிலும் நேரம் புதிதாகிவிடும். கணினியில் `Ctrl+Shift+;` அழுத்தினால் அப்போதைய நேரம் மாறாமல் நிற்கும். போனில் கையால்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கதையே வேறு. அப்போது வருவது நாள்கணக்கில் இழுக்கும் வேலைகள்: ஒரு படகுக்கு வலை முழுக்கச் சரக்குச் சேர்த்துக் கொடுப்பது, வராத நூலுக்கு ஆர்டர் போட்டுப் பின்தொடர்வது, பழைய பாக்கியைக் கேட்பது. இவற்றை விருப்பப்படி எடுக்க விட்டால் சுலபமானது போய்விடும், பாக்கி கேட்கிற வரி மட்டும் கீழே கிடக்கும். அந்த இரண்டு மாதமும் பெயரை நானே போடுகிறேன். பாக்கி வரியில் அக்கா பெயர்தான். அவர் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.