140 சொல்லுக்குள் பயோடேட்டாவா, சுயவிவரப் பத்தியா?

பாளையங்கோட்டையில் பி.இ.சி. வான்டேஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். கேம்பிரிட்ஜ் நடத்தும் இந்த வணிக ஆங்கிலத் தேர்வின் எழுத்துத் தாளில் இரண்டு கேள்விகள், நேரம் 45 நிமிடம். முதல் கேள்விக்கு அலுவலகத்துக்குள் அனுப்பும் சிறு குறிப்பு, 40 முதல் 50 சொல். இரண்டாவதற்குக் கடிதம், அறிக்கை போன்ற ஒன்று, 120 முதல் 140 சொல். கேள்வியோடு தரப்படும் குறிப்புகளில் ஒன்றை விட்டாலும் உள்ளடக்க மதிப்பெண் குறையும்.

இரண்டாவது கேள்விக்குப் பயிற்சியாக நான் கொடுத்தது இது: தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆவண உதவியாளர் வேலை. விண்ணப்பக் கடிதம் எழுத வேண்டும், அதில் சிறு சுயவிவரமும் வேண்டும். குறிப்புகள் நான்கு: எந்த விளம்பரம், உங்களைப் பற்றி, ஏன் இந்த வேலை, நேர்காணலுக்கு எப்போது வர முடியும்.

களக்காட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, பி.காம். முடித்து வாழைத்தார் கமிஷன் மண்டியில் இரண்டு வருஷமாகக் கணக்குப் பார்ப்பவர், ஒரே கேள்விக்கு இரண்டு விதமாக எழுதினார்.

முதல் கடிதம் 'ரெஸ்பெக்டட் சர்' என்று தொடங்கியது. பிறகு பணிவன்புடன் வேண்டிக்கொள்ளும் நீண்ட வாக்கியம். அடுத்து வரிவரியாகப் பயோடேட்டா: பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனதா, தெரிந்த மொழிகள். எண்ணிப் பார்த்தோம். அதற்கே 60 சொல்லுக்கு மேல் போயிருந்தது. மண்டி அனுபவம் அரை வரிக்குச் சுருங்கிவிட்டது, நேர்காணல் தேதி வரவே இல்லை.

"அப்பா பேரு போடாம எப்படி சார்? நேர்ல கேப்பாங்கள்லா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதத்தோடு பயோடேட்டாவையும் தனியாக எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம். உள்ளூரில் பல இடங்களில் இன்றும் அதையே கேட்கிறார்கள். அங்கே அது சரியான வடிவம். இந்தத் தேர்வில் மட்டும் அதற்கு இடமில்லை. கடிதம் படிப்பவரிடம் அதன் வேலையைச் செய்கிறதா என்பதற்கும், ஒரு கருத்து அடுத்ததோடு கோர்வையாகச் சேர்கிறதா என்பதற்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. பட்டியலில் கோர்வையைக் காட்ட முடியாது.

இரண்டாவது கடிதத்தில் சுயவிவரம் ஒரு பத்தியாக, கடிதத்துக்குள்ளேயே வந்தது. அவர் சொற்களைப் பங்கிட்டது இப்படி: எந்த விளம்பரம் என்பதற்கு 20, சுயவிவரத்துக்கு 45, ஏன் இந்த வேலை என்பதற்கு 35, நேர்காணலுக்கு 20, முடிப்புக்கு 10. மொத்தம் 130. மேலே முகவரி எழுதுவதில்லை.

ஆனால் அந்த 45 சொல்லின் முதல் வடிவம் நன்றாக இல்லை. 'ஹார்ட்வொர்க்கிங்', 'டைனமிக்', 'டீம் பிளேயர்' என்று பெயரடைகளாக அடுக்கியிருந்தார். இதை யாரும் யாருக்கும் எழுதலாம். விளம்பரம் கேட்டது ஆவண வேலை. அதனால் மண்டியில் அவர் உண்மையில் செய்ததைக் கேட்டேன். லாரி வாரியாகத் தார் எண்ணிக்கை குறிப்பது, விவசாயிக்குப் பட்டியல் போடுவது, கேரள வியாபாரிகளுக்கு பில் அனுப்புவது. இவற்றில் கடைசி இரண்டையும் எழுதிப் பெயரடைகளை எடுத்துவிட்டோம். பத்தி விளம்பரத்துக்கு நேராகப் பதில் சொன்னது.

இந்த வடிவத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. பயோடேட்டாவில் வாக்கியமே இல்லாததால் வினைச்சொல் தவறு வெளியே தெரியாது. பத்தியில் தெரிந்துவிடும். 'இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் கை தானாக 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதும். வர வேண்டியது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்'. கால அளவு சொன்னால் 'ஃபார்', தொடங்கிய வருஷத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. பட்டம் வாங்கிய வருஷத்தை எழுதும்போது இதற்கு மறுபக்கத் தவறு வரும்: 'ஐ ஹேவ் பாஸ்ட் இன் 2022' என்று எழுதுவார்கள். வருஷம் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்' வராது, 'ஐ பாஸ்ட்' போதும். சுயவிவரப் பத்தியில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு வாக்கியங்களைத்தான்.

வினைச்சொல்லில் இன்னும் தடுமாறுகிறவர்கள்கூடப் பத்தி வடிவத்தையே எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். பட்டியலுக்குக் கொடுத்த 60 சொல்லைத் தேர்வறையில் திரும்ப வாங்க முடியாது.

முடிப்பில் ஒரு சின்ன விஷயம். 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அந்த மாணவி மூன்றாவது முறை எழுதியபோது 134 சொல் வந்தது. நான்கு குறிப்புகளும் உள்ளே இருந்தன. அப்பா பெயர் இல்லை.