கீசருக்கு எந்த பியூஸ்: 10, 16, 20?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அப்பிச்சியின் ஓட்டு வீட்டில், மார்கழிக் குளிருக்கென்று 3000 வாட் கீசர் வாங்கினார்கள். பியூஸுக்குப் பதிலாக இருந்த பழைய 10 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. "20 போட்டுவிடு கண்ணு, விழாது" என்றார் அப்பிச்சி. விழாது என்பது உண்மைதான். என் பயமே அதுதான்.

3000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் கீசர் இழுப்பது 13 ஆம்பியர். சுவருக்குள் குழாயில் ஓடியது 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி. அட்டவணைப்படி அது 30 டிகிரி வெப்பத்தில் 17.5 ஆம்பியர் தாங்கும். ஓட்டுக்கு அடியில் மாசியிலிருந்தே வெக்கை ஏறுவதால் 40 டிகிரிக்குக் கணக்கிட்டேன்; 15 தான் தேறியது. பியூஸ் கீசர் இழுப்பதற்குக் குறையக் கூடாது, கம்பி தாங்குவதைத் தாண்டவும் கூடாது. ஆக நிபந்தனை இது:

13 ≤ பியூஸ் ≤ 15

10 இடப்பக்கத்தில் தோற்கிறது. அதுவும் உடனே விழாது. 13 ஆம்பியர் என்பது அதன் அளவைப் போல 1.3 மடங்குதான்; மெல்லச் சூடேறி, சற்று நேரம் கழித்து, குளியலின் நடுவில் விழும். அதனால் எல்லோரும் எம்.சி.பி.யையே குறை சொல்கிறார்கள்.

20 வலப்பக்கத்தில் தோற்கிறது. கீசர் மட்டும் ஓடினால் ஒன்றும் தெரியாது. அதே லைனில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் மொத்தம் 17 ஆம்பியரைத் தாண்டுகிறது. கம்பியின் வரம்பு கடந்துவிட்டது, 20-க்கோ அது சாதாரண சுமை. அது அசையாது, கம்பியின் மேலுறைதான் பழுத்து, நாளடைவில் நொறுங்கும். சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது உறை ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது, நகம் பட்டதும் உதிர்ந்தது.

சரி, 16? அதுவும் 15-ஐத் தாண்டிவிட்டது. கடையில் வழக்கமாகக் கிடைப்பது 6, 10, 16, 20 என்ற வரிசை. 13-க்கும் 15-க்கும் இடையே அதில் எண்ணே இல்லை. அப்படியானால் மாற்ற வேண்டியது பியூஸ் அல்ல, கம்பி. 2.5 சதுர மி.மீ. கம்பி அதே வெக்கையில் ஏறக்குறைய 21 தாங்கும்:

13 ≤ பியூஸ் ≤ 21

இப்போது 16, 20 இரண்டும் பொருந்துகின்றன. நான் 16-ஐத்தான் எடுப்பேன், ஏனென்றால் கீசரின் பிளக்கும் சாக்கெட்டும் 16 ஆம்பியருக்கானவை. அவையும் அந்தக் கம்பியோடு சேர்ந்த சங்கிலிதான்.

பழைய பீங்கான் பியூஸ் கட்டையே இருக்கட்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எம்.சி.பி. தன் அளவைப் போல 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். பியூஸ் கம்பி உருகுவதற்கோ ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். அதனால் அங்கே வலப்பக்க எல்லையை 1.45 ÷ 2, அதாவது 0.725-ஆல் பெருக்க வேண்டும்; 21 என்பது 15 ஆகிவிடும். 15 ஆம்பியர் பியூஸ் கம்பி ஒற்றை இழையாகக் கட்டினால் மட்டும் பொருந்தும். இரண்டு இழை முறுக்கினால் கணக்கே போயிற்று.

அப்பிச்சி வீட்டில் கம்பியை மாற்றி 16 போட்டோம். இஸ்திரிப் பெட்டிக்குத் தனி லைன்.