கடப்பாவை எப்படி எழுதுவது? இரண்டு மெனு கார்டுகள்

கும்பகோணத்தில் நடுத்தர விலையில் ஒரு குடும்ப உணவகம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலையில் பாதி மேசைகளில் உள்ளூர்க்காரர்கள், மீதியில் கோயில் பார்க்க வந்த வெளியூர்க் குடும்பங்கள். இரண்டு பேருக்கும் ஒரே கார்டுதான்.

முதல் வகை, எங்கும் பார்க்கிற லேமினேட் புத்தகம். டிபன், தந்தூரி, சைனீஸ் என்று பக்கம் பக்கமாகப் போகும். இடது ஓரம் பெயர், நடுவில் புள்ளிக்கோடு, வலது ஓரம் விலை. இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கடப்பா அதில் ‘ஸ்பெஷல் இட்லி செட்’ என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது வகை, ஒரே தாளை மடித்த கார்டு. அதில் இப்படி இருக்கும்:

‘இட்லி கடப்பா, ரூ. 60. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து விட்டது. ஞாயிறு காலை மட்டும்.’

எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. புள்ளிக்கோடு கண்ணை நேராக விலைக்கு இழுத்துப் போகிறது. விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் எது மலிவு என்றுதான் முதலில் பார்ப்போம். கடப்பாவும் சாதா இட்லியும் வெறும் இரண்டு எண்களாகிவிடும். அதற்காக விலையைப் பொடி எழுத்தில் விவரத்தின் கடைசியில் தள்ளுவதும் தவறு. நாலு பேரைக் கூட்டிவருகிறவருக்குக் கணக்கு முக்கியம். பெயரை ஒட்டி, அதே அளவு எழுத்தில் விலை இருக்கட்டும்.

விவரம் எல்லாவற்றுக்கும் வேண்டாம். ரவா தோசைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பரிமாறுகிறவரிடம் “அண்ணே, கடப்பான்னா என்ன?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால் அந்த வரிக்குத்தான் விவரம் தேவை. விவரம் எழுதியும் கேள்வி நிற்கவில்லையா, எழுதியது புரியவில்லை என்று அர்த்தம்.

பெயரில் ஊரைச் சேர்ப்பதிலும் இரண்டு கார்டுகளும் வேறுபடுகின்றன. முதலாவதில் ஏதாவது ஒரு ‘கும்பகோணம் ஸ்பெஷல்’ பக்கத்துக்குப் பக்கம் வரும். கும்பகோணத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அதில் என்ன சேதி? இரண்டாவதில் வெறும் ‘டிகிரி காபி’; ஊர்ப்பெயர் வருவது ‘திருவையாறு அசோகா’வில் மட்டும். அது பக்கத்து ஊர் இனிப்பு, பெயரே ஆவலைக் கிளப்பும். ஆனால் அப்படி எழுதினால் பாசிப்பருப்பு குழைய வெந்து, நெய் பிரிய வரும்வரை கிளறியாக வேண்டும். கோதுமை மாவை ஏற்றிப் பருப்பைக் குறைத்தால், திருவையாற்றில் சாப்பிட்டவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சந்தேகம் மற்ற பெயர்கள் மேலும் விழும்.

இரண்டாவது கார்டு பெரும்பாலும் கோட்டைவிடுவது பில்லில். கார்டில் ‘இட்லி கடப்பா’. பில்லில் ‘எஸ்பிஎல் இட்லி 2’. கம்ப்யூட்டரில் பழைய பெயரே கிடக்கும். சாப்பிட்டவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று நிமிர்ந்து பார்ப்பார், கல்லாவில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஊருக்குப் போய் யாரிடமாவது சொல்லவும் அந்தப் பெயர் கையில் இருக்காது. புதுக் கார்டை அச்சுக்குக் கொடுக்கிற அன்றே பில் மிஷினிலும், சமையலறைக்குப் போகிற டோக்கனிலும் பெயரை மாற்றிவிட வேண்டும்.