வட்டாரவாரியாக விகிதமா, சேர்த்து ஒரே விகிதமா?

சில வயல்களை மட்டும் மாதிரியாக அளந்து, ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற விகிதத்தை மொத்தப் பரப்பால் பெருக்கினால் மொத்த விளைச்சலின் மதிப்பீடு கிடைக்கும். முதலில் ஒரு சின்ன உதாரணம், மூன்றே வயல்கள்: 2, 4, 6 ஏக்கர். விளைச்சல் 50, 70, 90 மூட்டை. உண்மையான விகிதம் 210-ஐ 12-ஆல் வகுத்து 17.5 மூட்டை. இரண்டிரண்டாக எடுத்தால் மூன்று மாதிரிகள் வரும். அவற்றின் விகிதங்கள் 20, 17.5, 16. இவற்றின் சராசரி 17.83. இந்த 0.33 மூட்டைதான் பிறழ்ச்சி.

காரணம் எளிது. மாதிரியில் சிறு வயல்கள் விழுந்தால் விகிதத்தின் கீழே இருக்கும் எண் சின்னதாகி, விகிதம் எகிறுகிறது. பெரு வயல்கள் விழும்போது அதே அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. விளைச்சல் 35, 70, 105 என்று ஏக்கருக்கு நேர் விகிதத்தில் இருந்திருந்தால் பிறழ்ச்சியே கிடையாது.

0.33 பெரிதா சிறிதா என்பதைத் திட்டப்பிழையோடு, அதாவது மாதிரிக்கு மாதிரி விகிதம் சிதறும் அளவோடு, வைத்துத்தான் சொல்ல முடியும். இங்கே திட்டப்பிழை 1.65, பிறழ்ச்சியை அதனால் வகுத்தால் வரும் பங்கு 0.20. இந்தப் பங்கு மாதிரி ஏக்கர் சராசரியின் மாறுபாட்டுக் கெழுவை, அதாவது அதன் சிதறலை அதன் நடுமதிப்பால் வகுத்த எண்ணை, எப்போதும் தாண்டாது என்று புள்ளியியலாளர்கள் ஹார்ட்லியும் ராஸும் 1954-இல் காட்டினார்கள். நம் வயல்களில் அந்தக் கெழு 0.204. கிட்டத்தட்ட உச்சவரம்பையே தொட்டுவிட்டோம். பங்கு 0.1-க்குள் இருந்தால், மதிப்பீட்டைச் சுற்றி நாம் போடும் 95% இடைவெளி உண்மை மதிப்பைத் தவறவிடும் வாய்ப்பு 5%-லிருந்து 5.1% ஆகிறது, அவ்வளவுதான். அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

சரி, இப்போது 20 வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் 4 வயல். வட்டாரங்கள் ஏறக்குறைய ஒரே அளவு, வயல் பரப்பின் மாறுபாட்டுக் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தின் சராசரிக்குக் கெழு 0.2.

வட்டாரவாரி முறையில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி விகிதம் கண்டு, அதன் மொத்தப் பரப்பால் பெருக்கிக் கூட்டுகிறோம். எல்லா இடத்திலும் சிறு வயல்தான் ஏக்கருக்கு அதிகம் தருகிறது என்றால் பிறழ்ச்சிகள் ஒரே பக்கமாகச் சேர்ந்து 20 மடங்காகும். திட்டப்பிழையோ √20 மடங்குதான் வளரும். பங்கின் உச்சவரம்பு 0.2 × √20, அதாவது 0.89. அந்த மோசமான நிலையில் 95% இடைவெளி 14% முறை தவறும். வட்டாரத்துக்கு 30 வயல் எடுத்தாலும் வரம்பு 0.33-க்குத்தான் இறங்குகிறது. மொத்தம் 600 வயல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இங்கே கணக்கு வட்டாரத்துக்கு எத்தனை என்பதில் இருக்கிறது.

சேர்ந்த விகிதத்தில் விளைச்சலையும் பரப்பையும் எல்லா வட்டாரங்களுக்கும் முதலில் கூட்டிவிட்டு, ஒரே முறை வகுக்கிறோம். அதே 80 வயலுக்கு வரம்பு 0.2 / √20, வெறும் 0.045.

அப்புறம் ஏன் எல்லோரும் இதையே எடுப்பதில்லை? ஆற்றுப்பாசன வட்டாரமும் மானாவாரி வட்டாரமும் கலந்திருந்தால் ஒரே விகிதம் இரண்டுக்கும் பொருந்தாது, திட்டப்பிழை பெருக்கும். அங்கே வட்டாரவாரி முறைக்கு நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பரப்பு–விளைச்சல் புள்ளிகளை வரைந்து பாருங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போனால் வட்டாரத்துக்கு 4 வயலே இருந்தாலும் பிறழ்ச்சி பற்றிக் கவலையில்லை. நம் மூன்று வயல்களில் போல 30 மூட்டையில் அது செங்குத்து அச்சை வெட்டினால், நான் சேர்ந்த விகிதத்தைத்தான் எடுப்பேன்.