ரிகர்ஷன் சொல்லிக்கொடுக்கப் பெட்டியா, ஃபேக்டோரியலா?

புதிதாக நிரல் எழுதக் கற்பவருக்கு ரிகர்ஷனை, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பதை, அறிமுகம் செய்யும்போது பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள். ஒன்று, பெட்டிக்குள் பெட்டி. பெரிய பெட்டியைத் திறந்தால் அதேபோல் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது, கடைசியில் திறக்க எதுவும் இல்லாத குட்டிப் பெட்டி. மற்றது ஃபேக்டோரியல், அதாவது ஓர் எண்ணிலிருந்து 1 வரை எல்லா எண்களையும் பெருக்குவது: நான்கு வரி நிரல், அதைத் தாளில் போட்டுப் பார்க்கும் ஒரு சின்னக் கணக்கு. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று தோன்றும். ஆனால் ஒன்று காட்டுவதை மற்றது மறைக்கிறது. எதை எப்போது எடுப்பது என்பது அந்த மறைவைப் பொறுத்ததுதான்.

எந்த அளவுகோலை வைத்து ஒப்பிடலாம்? கற்பவர் தடுமாறும் இடத்தைத்தான் வைக்க வேண்டும். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கிறது என்பதைப் பெரும்பாலானோர் சீக்கிரமே ஏற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் அதன்பிறகு வருகிறது. உள்ளே போன அழைப்பு முடிந்ததும் வெளியில் இருப்பது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதுவரை அது தனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணை, தன் சொந்த `n`-ஐ, வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்பும் திரும்பி வருதலும் மனதில் பதியாதவருக்கு ரிகர்ஷன் என்பது வேறு வேஷத்தில் வந்த லூப் மட்டுமே.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். இதன் பெரிய பலம், மூன்று விஷயங்களை ஒரே பார்வையில் காட்டிவிடுவது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதைப் போலவே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிறியதாகிறது. ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. அந்த நிற்கும் இடம்தான் பேஸ் கேஸ், அதற்கு விளக்கமே தேவைப்படாது. கடைசிப் பெட்டிக்குள் பெட்டி இல்லை, அவ்வளவுதான். கணக்கு என்றாலே ஒதுங்குபவருக்கும் இது பிடிபடும்.

பலவீனமும் அதே படத்தில்தான் இருக்கிறது. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போவதை ஒரு `while` லூப்பும் செய்துவிடும்: பெட்டி இருக்கும்வரை திற, இல்லையென்றால் நிறுத்து. திறந்த பெட்டி ஓரமாகக் கிடக்கிறது, அதற்கு இனி வேலை இல்லை. கடைசிப் பெட்டியைத் திறந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. யாரும் எதையும் வெளியே எடுத்துவருவதில்லை. ஆக, பெட்டி உவமையை மட்டும் கேட்டு எழுந்துபோகிறவர், நாம் தவிர்க்க நினைத்த லூப் படத்தையே நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போகிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டிகள் எல்லாம் திறப்பதற்கு முன்பே உள்ளே இருக்கின்றன. ஃபங்ஷன் அழைப்புகள் அப்படி இல்லை. அந்த வரியை எட்டும்போதுதான் அடுத்தது பிறக்கிறது, வேலை முடிந்ததும் மறைந்துபோகிறது.

இனி ஃபேக்டோரியல்.

```python
def fact(n):
    if n == 1:
        return 1
    return n * fact(n - 1)
```

இதில் திரும்பி வரும் பாதை நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. `fact(4)` கேட்டால், 4-ஐக் கையில் வைத்துக்கொண்டு `fact(3)` என்ன சொல்லப்போகிறது என்று அது காத்திருக்க வேண்டும். விடை வராமல் பெருக்க முடியாது. பெட்டி உவமை தராத காத்திருப்பு இங்கே தானாகவே அமைந்திருக்கிறது. ஃபேக்டோரியலை இவ்வளவு பேர் விரும்புவதற்கு இது நல்ல காரணம்.

ஆனால் இந்த எடுத்துக்காட்டில் ஒரு குழி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கற்பவரிடம் `fact(4)` என்ன என்று கேளுங்கள். 24 என்பார். எப்படி வந்தது என்று கேட்டால் சிலர் இப்படிச் சொல்வார்கள்: "முதலில் 4, அடுத்து 3 வருகிறது, பெருக்கினால் 12. அடுத்து 2, அது 24. கடைசியில் 1, அதுவும் 24." அதாவது உள்ளே போகப் போகவே பெருக்கிக்கொண்டு போகிறார். நிரல் அப்படி ஓடுவதில்லை. அது முதலில் செய்யும் பெருக்கல் 2 × 1, அடுத்தது 3 × 2, கடைசியில்தான் 4 × 6. இருந்தும் விடை ஒன்றுதான், ஏனென்றால் பெருக்கலை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் ஒரே எண்தான் கிடைக்கும். தவறான புரிதலுக்கும் சரியான விடை கிடைப்பதால், சொல்லிக்கொடுப்பவர் திருப்தியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும்.

```python
def f(n):
    if n == 1:
        return 1
    return n - f(n - 1)
```

`f(4)` என்ன? உள்ளே போகும்போதே கழித்துக்கொண்டு போகிறவர் 4 − 3 − 2 − 1 என்று போட்டு −2 என்பார். சரியாக ஓட்டிப் பார்ப்பவர் உள்ளிருந்து வருவார்: `f(1)` என்பது 1, `f(2)` என்பது 2 − 1 = 1, `f(3)` என்பது 3 − 1 = 2, `f(4)` என்பது 4 − 2 = 2. ஒருவர் சொல்வது −2, இன்னொருவர் சொல்வது 2. எங்கே சறுக்கியது என்று வேறு கேள்வி கேட்க வேண்டியதே இல்லை. ஃபேக்டோரியல் சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் இந்தக் கழித்தலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது இல்லாமல் 24 என்ற விடையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் ஃபேக்டோரியலை வைத்துக்கொண்டு பெட்டியைக் கைவிடலாமா? கூடாது. பெட்டியைக் கதையாகச் சொல்வதை விட்டுவிட்டு, கணக்கு போடும் இடமாக மாற்ற வேண்டும். தாளில் பென்சிலால் ஒரு பெரிய பெட்டி வரைந்து அதற்குள் `4 *` என்று எழுதச் சொல்லுங்கள். அதன் வலப்பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் அடுத்த பெட்டியை வரைய வேண்டும், அதற்குள் `3 *`. இப்படியே `1` மட்டும் உள்ள பெட்டி வரை. எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து வைக்கக் கூடாது; நிரலின் அந்த வரிக்கு விரல் வந்த பிறகுதான் அடுத்த பெட்டி. அப்போதுதான் அழைப்பு புதிதாகப் பிறக்கிறது என்பது கைக்கே தெரியும்.

பிறகு வரும் பாதிதான் முக்கியம். உள்ளே இருக்கும் பெட்டியை ரப்பரால் அழித்து, அது இருந்த இடத்தில் அதன் விடையை மட்டும் எழுத வேண்டும்.

```
[ 4 * [ 3 * [ 2 * [ 1 ] ] ] ]
[ 4 * [ 3 * [ 2 * 1 ] ] ]
[ 4 * [ 3 * 2 ] ]
[ 4 * 6 ]
24
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெட்டி குறைகிறது, அது விட்டுச்செல்வது ஓர் எண். `return` என்பதன் பொருள் இதுதான்: பெட்டி போய்விடும், விடை தங்கும். `n` ஒன்றா பலவா என்ற குழப்பமும் இங்கே தீர்ந்துவிடும். 4, 3, 2 ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தாளில் வெவ்வேறு பெட்டிகளில் நிற்கின்றன. ஒன்று மாறி இன்னொன்றாகவில்லை.

இந்த வரைபடம் பிழைகளையும் காட்டிக்கொடுக்கும். தொடக்கநிலையில் அடிக்கடி வருவது, கடைசி வரியில் `return` விட்டுப்போவது. வெறும் `n * fact(n - 1)` என்று எழுதியிருந்தால் பைத்தானில் `fact(1)` சரியாக 1 தரும். `fact(2)` பிழை எதுவும் காட்டாமல் `None` தரும். `fact(3)` ஓடும்போதுதான் இந்தச் செய்தி வரும்:

```
TypeError: unsupported operand type(s) for *: 'int' and 'NoneType'
```

ஒன்றுக்குச் சரி, இரண்டுக்கு வெறுமை, மூன்றுக்குப் பிழை என்பது கற்பவரைத் திகைக்க வைக்கும். தாளில் போட்டால் உடனே புரியும். `2 * 1` என்ற பெட்டி தன் கணக்கை முடித்தது. ஆனால் அழியும்போது விடையை எழுதி வைக்காமல் போய்விட்டது. வெளியே காத்திருந்த `3 *` பெருக்குவதற்கு எண் இல்லாமல் நிற்கிறது.

அதேபோல் `fact(0)` கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0-க்குள் −1, அதற்குள் −2 என்று பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். 1 என்ற பெட்டி வரவே வராது. பைத்தான் வழக்கமாக 1000 அளவு ஆழத்தில் தடுத்து `RecursionError` காட்டும். பேஸ் கேஸ் எழுதியிருந்தால் மட்டும் போதாது, போகும் பாதை அதன்மேல் போய் விழ வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை. 0! = 1 என்பதால், நிபந்தனையை `n == 0` என்று மாற்றினால் 0-க்கும் விடை சரியாகிவிடும். எதிர்மறை எண்ணைக் கொடுத்தால் மட்டும் பழைய கதைதான்.

ஒரு விஷயத்தில் ஃபேக்டோரியல் கட்டாயம் தோற்கும். "இதை `for` லூப்பிலேயே எழுதலாமே?" என்று கற்பவர் கேட்பார். அவர் சொல்வது நியாயம். லூப்பில் எழுதினால் வேகமும் கூடும், ஆழ வரம்பும் குறுக்கே வராது. இந்தக் கேள்விக்கு ஃபேக்டோரியலுக்குள் பதில் தேடக் கூடாது. பதில் பெட்டியிடம் இருக்கிறது, ஆனால் ஒரு மாற்றத்தோடு: ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு பெட்டி என்றில்லாமல் பல பெட்டிகள் இருக்கட்டும், சிலவற்றில் எண்களும் கிடக்கட்டும். பைத்தானில் அது பட்டியலுக்குள் பட்டியல்.

```python
def total(box):
    s = 0
    for x in box:
        if isinstance(x, list):
            s = s + total(x)
        else:
            s = s + x
    return s
```

`total([2, [3, [4]], 1])` என்று அழைத்தால், வெளிப்பெட்டி 2-ஐச் சேர்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே ஒரு பெட்டி வரும். அது 3-ஐ எடுத்துக்கொண்டு இன்னும் உள்ளே இருக்கும் பெட்டிக்காகக் காத்திருக்கும். அங்கிருந்து 4 வர, 7 என்று வெளியே சொல்லும். வெளிப்பெட்டி 9 ஆகி, மிச்சமிருந்த 1-ஐயும் சேர்த்து 10 தரும். எத்தனை அடுக்கு என்று முன்கூட்டித் தெரியாது, பாதியில் விட்ட இடத்துக்குத் திரும்பியும் வர வேண்டும். வெறும் லூப்பில் இதைச் செய்ய முயன்றால், எங்கே விட்டோம் என்ற குறிப்பை நாமே ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து நிர்வகிக்க வேண்டியிருக்கும். ரிகர்ஷனில் அந்தக் குறிப்பைக் காத்திருக்கும் பெட்டிகளே வைத்திருக்கின்றன.

ஆகவே வகுப்பில் நான் வைக்கும் வரிசை இது. வடிவத்தைக் காட்ட மட்டும் பெட்டியைச் சில நிமிடம் எடுத்துக்கொண்டு உடனே ஃபேக்டோரியலுக்குப் போய்விடுவேன். பென்சில், ரப்பரோடு அதற்கே அதிக நேரம். கழித்தலில் 2 என்ற விடை வரும்வரை அங்கேயே இருப்பேன். பிறகுதான் பல பெட்டிகள் உள்ள `total`. அங்கே கற்பவருக்குக் கொடுக்க நல்ல பயிற்சி ஒன்று உண்டு: `s = s + total(x)` என்ற வரியை வெறும் `total(x)` என்று மாற்றிவிட்டு, மேலே சொன்ன அதே பட்டியலுக்கு என்ன விடை வரும் என்று ஓட்டாமலே சொல்லச் சொல்ல வேண்டும். விடை 3. உள்பெட்டிகள் தங்கள் கூட்டலைச் செய்கின்றன, விடையையும் தருகின்றன. வெளியே அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. இதைச் சரியாகச் சொல்பவருக்கு அடுத்து, கிளைக்குள் கிளையாகத் தரவை அடுக்கும் மரங்களைக் கொடுக்கலாம்.