பேட்டரி மாற்றும் ஆட்டோ வாங்குவோர் கவனத்துக்கு: திரையில் 100% என்றால் முழு பேட்டரி என்று அர்த்தமில்லை

சென்னையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர், விலை குறைவு என்பதால் பேட்டரி இல்லாத மின்சார ஆட்டோவை வாங்கினார். பேட்டரி, அதை மாற்றித் தரும் நிலையங்களை நடத்தும் நிறுவனத்துடையது. நிலையத்தில் காலி பேட்டரியைக் கொடுத்து, சார்ஜ் ஏறியதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு மாற்றலுக்கு 90 ரூபாய். முதலில் ஒரு மாற்றலுக்கு 45 கிலோமீட்டர் ஓடியது. சில மாதங்களில் அது 36 ஆனது. கேட்டால், "ஓட்டுற விதம் சரியில்லைண்ணே, பேட்டரி 100 காட்டுதே" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த 100-இல்தான் ஏமாற்று இருக்கிறது. பேட்டரி இன்று எவ்வளவு கொள்ளுமோ, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் திரை காட்டும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது என்று காட்டாது. அவர் வண்டியில் 1.5 யூனிட் பேட்டரி இரண்டு, மொத்தம் 3 யூனிட். 10% மீதம் இருக்கும்போது மாற்றினால் 2.7 யூனிட் கிடைக்கும். கிலோமீட்டருக்கு 60 வாட் மணி, அதாவது 0.06 யூனிட் என்று வைத்தால் 45 கிலோமீட்டர். தேய்ந்து கொள்ளளவு 80 சதவீதமான பேட்டரியும் திரையில் 100 என்றே காட்டும், ஆனால் தருவது 2.16 யூனிட், அதாவது 36 கிலோமீட்டர். அதே 90 ரூபாய்க்கு, கிலோமீட்டருக்கு 2 ரூபாயாக இருந்த செலவு இரண்டரை ரூபாய் ஆகிவிட்டது.

வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வண்டியிலும் பேட்டரி தேயும். ஆனால் அது ஒரே பேட்டரி, தேய்வது தெரியும், உத்தரவாதக் காலத்துக்குள் கேட்கவும் முடியும். சுவரில் போகும் யூனிட்டுக்குத்தான் காசு, தேய்ந்த பேட்டரி குறைவாகவே இழுக்கும். மாற்றும் முறையில் ஒவ்வொரு முறையும் வேறு பேட்டரி வருவதால், எது தேய்ந்தது என்றே பிடிபடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிவது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. அந்த வசதிக்கு மாற்றல் கணக்கில் காசு வாங்கினால், பேட்டரி தேய்வின் நஷ்டம் நிறுவனத்திடமிருந்து ஓட்டுநர் தலைக்கு மாறுகிறது.

அதனால் யூனிட் கணக்கில் பில் போடும் திட்டமா என்று முதலில் கேளுங்கள். மாற்றல் கணக்குதான் என்றால், 30% மீதத்தோடு திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு கழியுமா, எந்தக் கொள்ளளவுக்குக் கீழே பேட்டரியை ஒதுக்குவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மாற்றலிலும் பேட்டரி எண்ணையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். ஒரே வழித்தடத்தில், ஒரே பாரத்தில், குறிப்பிட்ட எண்கள் மட்டும் திரும்பத் திரும்பக் குறைவாக ஓடினால் கோளாறு ஓட்டுவதில் இல்லை. மேம்பாலம் ஏறும்போது சதவீதம் சட்டென்று இறங்குவதும் தேய்ந்த பேட்டரியின் அடையாளம்.

இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு நிறுவன வண்டியில் பொருந்தாது: அளவு, இணைப்பான், வண்டியோடு பேசும் மென்பொருள் எல்லாம் வேறு. வீட்டில் சார்ஜ் போடவும் பல நிறுவனங்கள் விடுவதில்லை. பணம் பாக்கி இருந்தால் பேட்டரியைத் தொலைவிலிருந்தே நிறுத்திவிட முடியும். உங்கள் பகுதி நிலையத்தை மூடினால் வண்டி நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. கையெழுத்துப் போடும் முன், தினமும் ஓடும் தடத்தில் குறைந்தது இரண்டு நிலையங்கள் இருக்கின்றனவா, மாலை நெரிசலில் அங்கே சார்ஜ் ஏறிய பேட்டரி கிடைக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.